இலக்கணப் பிழையா, ஊர் வழக்கா? எழுதிய ஆங்கிலத்தைச் சலித்துப் பார்க்கும் முறை

தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் உள்ள தவறுகள் என்று ஒரு பட்டியல் போட்டால் ‘பிரிபோன்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘டூ த நீட்ஃபுல்’ எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். அப்படிப்பட்ட பட்டியலை மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு. அதில் உள்ளவை ஒரே வகைத் தவறுகள் அல்ல. சில தவறுகளே அல்ல. இலக்கணம் உடைந்த வாக்கியத்தையும் வெளியூர்க்காரருக்குப் பழக்கமில்லாத சொல்லையும் ஒன்றாகக் கட்டி வைத்தால், எழுதுபவர் ஒன்றுமில்லாத இடத்தில் பயப்படுவார், பயப்பட வேண்டிய இடத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போவார். இந்த அத்தியாயத்தில் முதலில் பிரிப்போம், பிறகு திருத்துவோம். எடுத்துக்காட்டு வாக்கியங்களை வாயால் சொல்லிப் பார்க்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

மூன்று கேள்விகள், இந்த வரிசையில்

1. சந்தேகப்படும் சொல்லை எடுத்துவிட்டு, அதே வகையைச் சேர்ந்த, எல்லோரும் ஏற்கும் இன்னொரு சொல்லை அங்கே வையுங்கள். வாக்கியம் சரியாகிவிட்டால் கட்டுமானத்தில் குறையில்லை. சர்ச்சை அந்தச் சொல்லைப் பற்றியது மட்டுமே. அப்போதும் இடித்தால் கட்டுமானமே பிழை.
2. மாணவர்களுக்கான ஆங்கில அகராதி ஒன்றில் அந்த வினைச்சொல்லைத் தேடி, அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று எடுத்துக்காட்டு வாக்கியங்களில் பாருங்கள். பொருளைப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள்.
3. இரண்டையும் தாண்டி வந்த வாக்கியத்தை யார் படிக்கப்போகிறார் என்று கடைசியாகக் கேளுங்கள்.

வரிசையை மாற்றக் கூடாது. மூன்றாவது கேள்வியை முதலில் கேட்பவர்கள்தான் ‘வெள்ளைக்காரன் இப்படிச் சொல்வானா’ என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அடித்துத் தள்ளுகிறார்கள்.

‘பிரிபோன்’: குறை சொல்லில் இல்லை

முதல் கேள்வியை இங்கே போட்டுப் பார்க்கலாம். ‘த மீட்டிங் வாஸ் பிரிபோன்ட் டு மண்டே.’ இதில் பிரிபோனை எடுத்துவிட்டு போஸ்ட்போனை வையுங்கள். ‘த மீட்டிங் வாஸ் போஸ்ட்போன்ட் டு மண்டே’ என்பதில் யாரும் குறை காண முடியாது. ஆக, கட்டுமானம் சரி. சொல்லும் முறைதவறிப் பிறந்ததில்லை. போஸ்ட்போனின் பின்பாதி, வைத்தல் என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. முன்பாதி ‘பிறகு’ என்பதைக் குறிக்கிறது. அதை மாற்றி ‘முன்பு’ என்பதைக் குறிக்கும் முன்னொட்டைச் சேர்த்தால் பிரிபோன். மற்ற ஒழுங்கான வினைகளைப் போலவே அது இறந்தகாலத்தில் ‘ட்’ ஏற்கும், ‘இங்’ ஏற்கும், செயப்பாட்டு வினையாகும். இந்தியாவில் மட்டும் முளைத்த சொல் என்பதும் முழுக்கச் சரியல்ல. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இந்தப் பொருளில் அதன் பழைய பதிவாகக் காட்டுவது 1913-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வந்த ஒரு கடிதத்தை. அங்கே ஒட்டாத சொல் இங்கே வேர்பிடித்தது, அவ்வளவுதான்.

கணினியில் எழுதும்போது பிரிபோனின் அடியில் சிவப்புக் கோடு விழுகிறதே என்று கேட்கலாம். எழுத்துப் பிழையைப் பார்க்கும் கருவி தன்னிடம் உள்ள சொற்பட்டியலில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்துக் கோடு போடுகிறது. நம் ஊர்ப் பெயர்கள் பலவற்றுக்கும் அதே கோடு விழும். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று எழுதினால் ஒவ்வொரு சொல்லும் பட்டியலில் இருப்பதால் அது பேசாமல் இருந்துவிடும். எனவே சிவப்புக் கோட்டை இலக்கணத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் பிரிபோன் வரும் வாக்கியத்தில் வேறோர் இடத்தில் உண்மையான இலக்கணப் பிழை ஒளிந்திருப்பதுண்டு. சொல்லைப் பற்றிய சண்டையில் அதை யாரும் கவனிப்பதில்லை. ‘த மீட்டிங் ஹேஸ் பிரிபோன்ட்’ என்று எழுதுவதைப் பாருங்கள். போஸ்ட்போனை வைத்துச் சோதித்தாலும் இது தேறாது. ‘ஹேஸ் போஸ்ட்போன்ட்’ என்பதும் பிழைதான். தமிழில் ‘கூட்டம் தள்ளிப்போயிருக்கிறது’ என்கிறோம். தள்ளிப்போனது கூட்டம், தானாகவே போனது. தள்ளிவைத்தவர் வாக்கியத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆங்கில வினைக்கு அந்தச் சலுகை இல்லை. தள்ளிவைத்தவரைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ‘ஹேஸ் பீன் போஸ்ட்போன்ட்’ என்று செயப்பாட்டு வினையாக்க வேண்டும். பிரிபோனுக்கும் இதே விதி. இரண்டு நாள் முன்னதாக என்பதை ‘பிஃபோர் டூ டேஸ்’ என்று எழுதுவதும் இதே போலத் தமிழிலிருந்து வருவது. எவ்வளவு நகர்ந்தது என்பதற்கு ‘பை டூ டேஸ்’. எந்தத் தேதிக்கு வந்தது என்பதற்கு ‘டு’.

மூன்றாவது கேள்வி, படிப்பவர். சென்னை அலுவலகத்திலிருந்து கோயம்புத்தூர் கிளைக்குப் போகும் கடிதத்தில் பிரிபோனைத் தயங்காமல் எழுதலாம். லண்டனில் இருப்பவருக்குப் போனால் ‘பிராட் ஃபார்வர்ட்’, அமெரிக்காவுக்குப் போனால் ‘மூவ்ட் அப்’. எந்தச் சொல்லை எழுதினாலும் பழைய தேதி, புதிய தேதி இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்: ‘ஃப்ரம் 19 ஜூன் டு 12 ஜூன்’. தேதி இருந்துவிட்டால் சொல் புரியாவிட்டாலும் ஆள் சரியான நாளில் வந்துவிடுவார்.

‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’: குறை கட்டுமானத்தில்

இதில் சொல்லை மாற்றிப் பயனில்லை. ‘ஐ ஆம் ஓனிங் டூ ஹவுசஸ்’, ‘ஐ ஆம் நோயிங் ஹிம்’ எதை வைத்தாலும் அதே இடம் இடிக்கும். ஆங்கிலத்தில் ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ என்பவற்றோடு ‘இங்’ சேர்ந்தால், ஒரு செயல் இப்போது நடந்துகொண்டிருக்கிறது, தற்காலிகமானது, முடியப்போகிறது என்று பொருள். தம்பிகள் இருப்பது செயலல்ல, நிலை. இன்று மாலையோடு முடிகிற காரியமும் அல்ல. செயலுக்கான உருவத்தை நிலைக்குப் போட்டதுதான் பிழை.

‘தமிழை அப்படியே மொழிபெயர்ப்பதால் வரும் தவறு’ என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். அந்த விளக்கம் பாதிதான் நிற்கும். ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ என்போமே தவிர, ‘இருந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. நிலைக்குத் தொடர்வினை கூடாது என்ற உணர்வு தமிழிலேயே இருக்கிறது. தவிர, இந்த ‘இங்’ மோகம் நமக்கு மட்டும் உரியதில்லை. மும்பைக் கவிஞர் நிசிம் எசெகியல் இந்திய ஆங்கிலத்தைக் கிண்டல் செய்து எழுதிய கவிதைகளில் முக்கியமான இலக்கு இதுதான். ஆனால் தமிழ் தன் பங்குக்கு ஒரு வழுக்கலைச் சேர்க்கிறது. ‘உட்கார்ந்திருக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஆம் சிட்டிங்’ சரி. ‘பார்த்திருக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஹேவ் சீன்’. ‘கார் வைத்திருக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஹேவ் எ கார்’. மூன்றும் தமிழில் ‘இருக்கிறேன்’ என்றே முடிகின்றன. ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று வடிவம். அந்த ‘இருக்கிறேன்’ காதில் ‘ஆம்’ என்று விழ, மூன்றுக்கும் ‘இங்’ ஒட்டிக்கொள்கிறது.

காரணம் தெரிந்தால் மருந்தும் தமிழிலேயே கிடைக்கும். நிலையைச் சொல்லும்போது தமிழ் பெரும்பாலும் நான்காம் வேற்றுமையைப் போடுகிறது: எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குப் புரிகிறது, எனக்கு ஞாபகம் இருக்கிறது, எனக்குச் சந்தேகம் இருக்கிறது, எனக்குத் தலை வலிக்கிறது, எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். இவை அத்தனையும் ஆங்கிலத்தில் ‘இங்’ இல்லாமல் வர வேண்டியவை: ‘நோ’, ‘லைக்’, ‘வான்ட்’, ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘ரிமெம்பர்’, ‘ஹேவ் எ டவுட்’, ‘ஹேவ் எ ஹெட்ஏக்’, ‘ஹேவ் டூ பிரதர்ஸ்’. எனவே செய்ய வேண்டியது:

1. ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ என்பவற்றோடு ‘இங்’ வரும் ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் பென்சிலால் கோடு போடுங்கள்.
2. அதைப் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். ஏட்டுத் தமிழ் வேண்டாம். அது வாக்கியத்தைத் திருகிவிடும்.
3. தொடக்கத்தில் ‘எனக்கு’, ‘அவருக்கு’, ‘எங்களுக்கு’, ‘கம்பெனிக்கு’ என்று ‘கு’ வந்தால் ‘இங்’கை எடுத்துவிடுங்கள். ‘எங்க கம்பெனிக்கு மூணு கிளை இருக்கு’ என்று வருவதால் ‘வீ ஆர் ஹேவிங் த்ரீ பிராஞ்சஸ்’ என்பது ‘வீ ஹேவ் த்ரீ பிராஞ்சஸ்’ ஆகும்.

எங்கே இந்த விதி கைவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘எனக்கு வேர்க்கிறது’ என்பதற்கு ‘ஐ ஆம் ஸ்வெட்டிங்’தான், உடம்பில் நடக்கும் செயல் அது. மறுபக்கம், ‘நான் நம்புகிறேன்’, ‘இந்த டப்பாவில் ஒரு கிலோ அரிசி இருக்கிறது’, ‘இந்த வீடு அவருடையது’ இவற்றில் ‘கு’ இல்லை. ஆனாலும் ‘பிலீவ்’, ‘கன்டெய்ன்’, ‘பிலாங்’ மூன்றும் ‘இங்’கை ஏற்காதவை. இப்படிப்பட்டவற்றை மனப்பாடமாக வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

‘ஹேவிங்’ என்றாலே பிழை என்ற முடிவுக்கும் போய்விடாதீர்கள். ‘வீ ஆர் ஹேவிங் லன்ச்’ மிகச் சரியான ஆங்கிலம். தமிழில் அதைச் சொல்லிப் பாருங்கள்: ‘சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்.’ ‘எங்களுக்கு’ வரவில்லை, சாப்பிடுதல் என்ற செயல் வந்துவிட்டது. ‘ஹேவ்’ உடைமையைக் குறிக்காமல் ஒரு செயலைக் குறிக்கும் இடங்களில் ‘இங்’ வரலாம். பயந்துபோய் ‘வீ ஹேவ் லன்ச் நௌ’ என்று திருத்துகிறவர் சரியாக இருந்ததைக் கெடுக்கிறார்.

‘சின்ஸ் ஃபோர் இயர்ஸ்’: தமிழே வழிகாட்டும் இடம்

‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபோர் இயர்ஸ்.’ இதில் இரண்டு பிழைகள். ஒன்று ‘சின்ஸ்’. காலத்தின் நீளத்துக்கு ‘ஃபார்’, தொடங்கிய புள்ளிக்கு ‘சின்ஸ்’ என்று ஆங்கிலம் பிரிக்கிறது. தமிழும் அப்படித்தான் பிரிக்கிறது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. ‘நாலு வருஷமா’ என்று ‘ஆக’ வந்தால் ‘ஃபார்’. ‘2021-லிருந்து’, ‘காலையிலிருந்து’ என்று ‘இருந்து’ வந்தால் ‘சின்ஸ்’.

இரண்டாவது பிழை வினையில். ‘நாலு வருஷமா வேலை பார்க்கிறேன்’ என்று தமிழ் நிகழ்காலத்தோடு திருப்திப்படும். தொடங்கிய நாளையும் இன்றையும் சேர்த்துக் கட்டாவிட்டால் ஆங்கிலம் ஒப்புக்கொள்ளாது. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்று எழுத வேண்டும். நிலையாக இருந்தால் முந்தைய விதி இங்கும் செல்லும்: ‘எனக்கு அவரைப் பத்து வருஷமாத் தெரியும்’ என்பது ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’. ‘கு’ வந்துவிட்டதால் ‘பீன் நோயிங்’ இல்லை.

‘டிஸ்கஸ் அபவுட்’, ‘டோல்ட் தட்’: மாற்றுச் சோதனை ஏமாற்றும் இடம்

‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதில் டிஸ்கஸை எடுத்து ‘டாக்’ வைத்தால் வாக்கியம் சரியாகிவிடும். அப்படியானால் கட்டுமானம் சரியா? இல்லை. ஒவ்வொரு வினையும் தன் பின்னால் எதை அனுமதிக்கிறது என்பதும் இலக்கணத்தின் பகுதி. அது சொல்லுக்குச் சொல் மாறும். இரண்டாவது கேள்வியை வைத்தது இதற்காகத்தான். அகராதியில் டிஸ்கஸுக்கு நேராக வரும் வாக்கியங்களில் செயப்படுபொருள் வினையை உடனடியாக ஒட்டி நிற்கும். ‘பற்றி’ என்பது வினைக்குள்ளேயே அடங்கிவிட்டது. ‘டெல்’ என்பதற்கு யாரிடம் சொன்னோம் என்பது பொதுவாகக் கூடவே வர வேண்டும்: ‘ஹீ டோல்ட் மீ தட்’. ஆளைச் சொல்ல விருப்பமில்லையென்றால் ‘ஹீ செட் தட்’. நம் ‘சொன்னார்’ இரண்டு வேலையையும் ஒருவராகவே பார்த்துவிடுவதால் இங்கே சறுக்குகிறோம்.

எச்சரிக்கை: டிஸ்கஸிலிருந்து எடுத்த ‘அபவுட்’டை ‘டிஸ்கஷன்’ என்ற பெயர்ச்சொல்லிலிருந்தும் எடுத்துவிடாதீர்கள். ‘வீ ஹேட் எ டிஸ்கஷன் அபவுட் த லீவ்’ என்பதில் அது இருந்தே ஆக வேண்டும்.

இரண்டு மறுப்புகள்

இந்திய ஆங்கிலம் தனி வகை ஆங்கிலம், அதற்கு லண்டன் இலக்கணம் எதற்கு என்பது முதல் மறுப்பு. நியாயமான கேள்வி. பிரஜ் கச்ரு 1983-இல் ஆங்கிலத்தின் இந்தியமயமாதல் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். இந்திய ஆங்கிலத்தை அரைகுறை ஆங்கிலமாகப் பார்க்காமல், தனக்கென வழக்குகள் கொண்ட ஒன்றாகப் பார்க்கும் போக்குக்கு அவர் எழுத்து பெரிய வலு. அதை ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: இந்திய அளவுகோலை வைத்தாலும் தீர்ப்பு மாறாது. சென்னையிலிருந்து வெளியாகும் ஆங்கில நாளிதழ்களின் செய்திகளில் பிரிபோன் சாதாரணமாகப் புழங்கும். அதே பக்கங்களில் ஒருவருக்கு இரண்டு சகோதரர்கள் என்பதை ‘இஸ் ஹேவிங்’ என்று அச்சிட்டால் உதவி ஆசிரியர் திருத்திவிடுவார். இந்தியர்களே எழுதி, இந்தியர்களே திருத்தி, இந்தியர்களே படிக்கும் எழுத்தில் ஒன்று நிற்கிறது, மற்றது நிற்கவில்லை. இந்தக் கோட்டைப் போட்டது லண்டன் அல்ல.

இரண்டாவது மறுப்பு, ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ‘லவிங்’ என்கிறார்களே என்பது. 2003-இல் தொடங்கிய மெக்டொனால்ட்ஸ் விளம்பர வாசகமே அப்படித்தான் இருக்கிறது. அங்கே ‘லவ்’ என்பது நிலையான அன்பைச் சொல்லவில்லை. வாயில் வைத்த பண்டத்தை இந்த நிமிடம் ரசிப்பதைச் சொல்கிறது. தற்காலிகச் செயலாக மாற்றிக்கொண்டதால் ‘இங்’ பொருந்துகிறது. தம்பிகளை அப்படி இந்த நிமிடத்துக்கு மட்டும் வைத்திருக்க வழியில்லை. ஆக, அந்த வாசகம் விதியை உடைக்கவில்லை, விதியைப் பயன்படுத்திக்கொள்கிறது.

ஒரு விடுப்புக் கடிதம், வரி வரியாக

எல்லாம் சேர்ந்து வரும் மாதிரிக் கடிதம் ஒன்று: ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபோர் இயர்ஸ். ஐ ஆம் ஹேவிங் ஒன் யங்கர் சிஸ்டர். ஹெர் மேரேஜ் ஹேஸ் பிரிபோன்ட் பிஃபோர் ஒன் வீக். த மேனேஜர் டோல்ட் தட் ஐ ஷுட் டிஸ்கஸ் அபவுட் மை லீவ் வித் யூ. கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.’

முதல் வரி ‘நாலு வருஷமா’, எனவே ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபோர் இயர்ஸ்’. இரண்டாவது ‘எனக்கு ஒரு தங்கச்சி’, எனவே ‘ஐ ஹேவ் எ யங்கர் சிஸ்டர்’. ‘ஒன்’ போய் ‘எ’ வந்ததைக் கவனியுங்கள், எண்ணிக்கையை அழுத்திச் சொல்ல இங்கே தேவையில்லை. மூன்றாவதில் பிரிபோனைத் தொட வேண்டாம். ‘பீன்’ சேர்க்க வேண்டும், ‘பிஃபோர்’ போக வேண்டும்: ‘ஹேஸ் பீன் பிரிபோன்ட் பை ஒன் வீக், ஃப்ரம் 19 ஜூன் டு 12 ஜூன்’. ‘மேரேஜ்’ நம் ஊரில் செல்லும். வெளிநாட்டவருக்கு எழுதினால் சடங்கு நடக்கும் நாளுக்கு ‘வெட்டிங்’. நான்காவது ‘டோல்ட் மீ தட் ஐ ஷுட் டிஸ்கஸ் மை லீவ் வித் யூ’.

கடைசி வரிதான் பலரும் முதலில் அடிக்கும் வரி. இலக்கணப்படி அதில் ஒரு குறையும் இல்லை. பெயரடைக்கு முன் ‘த’ சேர்த்துப் பெயராக்குவது ஆங்கிலத்தில் சாதாரணம். ‘த இம்பாசிபிள்’ என்பதை யாரும் பிழை என்பதில்லை. பழைய பிரிட்டிஷ் அலுவலக நடை என்பதுதான் அதன் மேல் உள்ள புகார். என் புகார் வேறு. என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. கடிதத்தைப் படிக்கும் அதிகாரிக்கு எத்தனை நாள் விடுப்பு, எந்த நாளிலிருந்து என்று இன்னும் தெரியாது. அந்த இடத்தில் ‘ப்ளீஸ் கிரான்ட் மீ லீவ் ஃப்ரம் 10 டு 14 ஜூன்’ என்று எழுதுங்கள். பிறகு மேலே போய், 12-ஆம் தேதி அந்த ஐந்து நாளுக்குள் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.